அரைத்த மாவையே அரைக்கும் ஆட்டம்

அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் சொந்தமாக ஒரு கணினி விளையாட்டு செய்திருந்தான். வீரன் காட்டுக்குள் போகிறான், பூதங்களை அடிக்கிறான், அனுபவப் புள்ளிகள் சேர்கின்றன. போதுமான அளவு சேர்ந்ததும் அடுத்த லெவல். மொத்தம் 20 லெவல்.

"முதல் அஞ்சாறு லெவல் சூப்பரா போகுது மாமா. ஆனா ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பதிமூணுல விட்டுட்டுப் போயிடறாங்க. செம கிரைண்டா இருக்காம்" என்றான்.

கிரைண்ட் என்று அவர்கள் சொல்வதும், அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் சொல்வதும் ஒன்றுதான். கதை நகராமல், அதே பூதத்தை அதே வாளால் அடித்துக்கொண்டே இருப்பது.

அவன் எடுத்துக்கொண்ட சூத்திரம் எளிமையானது. முதல் லெவலைக் கடக்க 100 புள்ளி. அதன் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்கு. பூதம் தருவதோ லெவலுக்கு 10 புள்ளிதான்: முதல் லெவல் பூதம் 10, ஐந்தாம் லெவல் பூதம் 50. நண்பர்கள் புலம்பியதும் ஆரம்பத் தொகையை 100-லிருந்து 50 ஆக்கியிருக்கிறான். சப்பென்று இருந்த தொடக்கம் இன்னும் சப்பென்று ஆனதே தவிர, பின்பாதி அலுப்பு போகவில்லை. பழையபடி 100-க்கே திரும்பிவிட்டான்.

வரவைப் பார்க்காமல் செலவை மட்டும் பார்த்தால் இப்படித்தான். ஒரு லெவலுக்கு 4,000 புள்ளி தேவை என்பது அதிகமா, குறைவா? ஒரு பூதம் எவ்வளவு தருகிறது என்று தெரியாமல் சொல்லவே முடியாது. எனவே எக்ஸெல் திறந்து, A-யில் லெவலைப் போட்டு, பக்கத்தில் நான்கு பத்திகள் எழுதினோம். தேவை, ஒரு பூதத்தின் வரவு, அடிக்க வேண்டிய பூதங்கள், பூதத்துக்கு அரை நிமிடம் என்ற கணக்கில் ஆகும் நேரம்.

```
B2: =ROUND(100*1.5^(A2-1),0)
C2: =10*A2
D2: =ROUND(B2/C2,0)
E2: =D2/2
```

கீழே இழுத்துவிட்டதும் வந்தது இது:

| லெவல் | தேவை | பூதங்கள் | நிமிடம் |
|---|---|---|---|
| 1 | 100 | 10 | 5 |
| 5 | 506 | 10 | 5 |
| 10 | 3,844 | 38 | 19 |
| 13 | 12,975 | 100 | 50 |
| 20 | 2,21,684 | 1,108 | 554 |

கடைசி வரிசையைப் பார்த்துப் பையன் சிரித்துவிட்டான். ஒரே லெவலுக்கு ஒன்பது மணி நேரம்! அவன் சோதித்ததெல்லாம் முதல் ஐந்தாறு லெவல்கள். அங்கே பத்துப் பூதம்தான், குறையே தெரியாது. தேவை பெருக்கலில் ஏறுகிறது, வரவு கூட்டலில் ஏறுகிறது. முதலில் ஜோடியாக நடப்பதுபோல் இருந்தாலும், பிறகு எட்டிப் பிடிக்க வழியே இல்லை.

அதனால் தலைகீழாக ஆரம்பித்தோம். எத்தனை பூதம் அடித்தால் அலுக்காது? முதல் லெவலில் பத்து, கடைசியில் நாற்பத்தைந்து வரை பரவாயில்லை என்றான். லெவலின் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதுவே வருகிறது. அதைப் பூதத்தின் வரவோடு பெருக்கினால் தேவைக்கான சூத்திரம் தானாகக் கிடைத்துவிடுகிறது:

```
B2: =ROUND(100*A2^1.5,0)
```

இப்போது ஐந்தாம் லெவலுக்கு 22 பூதங்கள், பத்தாம் லெவலுக்கு 32, இருபதாம் லெவலுக்கு 45. முழு ஆட்டமும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அரை நிமிடம் என்பது மட்டும் ஊகம். பூதத்தைத் தேடி நடப்பதையும் செத்துப் பிழைத்து வருவதையும் அட்டவணை அறியாது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஆடிப் பார்த்தபோது முக்கால் நிமிடம் ஆனது. ஆக, எட்டு மணி நேர ஆட்டம்.

கடைசி வரிசையைப் போலவே முதல் வரிசையையும் பார்க்க வேண்டும். 1996-ல் ஜப்பானில் வெளியான முதல் போகிமான் ஆட்டத்தில், ஒரு வகைப் போகிமான்களுக்கான சூத்திரம் `1.2n³ − 15n² + 100n − 140`. n-க்கு 1 போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய மைனஸ் 54. அந்த நிரலில் புள்ளிக்கு மைனஸ் குறியே கிடையாது என்பதால் அது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிய எண்ணாகிவிடும். இயல்பாக ஆடினால் முதல் லெவல் போகிமான் கையில் சிக்காது. குறுக்குவழியில் அதைப் பிடித்தவர்கள், சில புள்ளிகள் கிடைத்தவுடன் அது நேராக நூறாம் லெவலுக்குத் தாவுவதைக் கண்டார்கள்.

எங்கள் முதல் வரிசையில் சிக்கல் இல்லை. ஆனால் பையனுக்கு வேறு கவலை. பதின்மூன்றின் வாசலிலேயே விட்டுப்போன நண்பர்கள் பழைய கணக்கில் மொத்தம் சுமார் 25,750 புள்ளி சேர்த்து வைத்திருக்கிறார்கள். புதிய சூத்திரத்தில் அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? எல்லாத் தேவைகளையும் கூட்டிக்கொண்டே வரும் ஒரு பத்தியைச் சேர்த்துப் பார்த்தோம். அதே பதின்மூன்றில்தான் நிற்கிறார்கள். பதினாலுக்குப் போக 26,760 வேண்டும்.

"இன்னும் எட்டே பூதம் மாமா" என்று போனை எடுத்தான்.