கைமாற்றாக எடுத்த பணம்

கையாடல் வழக்கில் சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் திருடியவர்கள் அல்லர். காசாளராக, கணக்கராக, அறக்கட்டளைப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் நேர்மையாக உழைத்து, அந்த நேர்மையால்தான் பிறர் பணத்தைக் கையாளும் இடத்துக்கு வந்தவர்கள். அப்படிப்பட்டவர் முதல் முறை பணத்தில் கை வைக்கும்போது அவர் மனத்துக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி இந்தக் கேள்வியோடு இலினாய் மாநிலத்தின் ஜோலியட் சிறை முதலான இடங்களில் கைதிகளைச் சந்தித்து, நீண்ட நேரம் பேசினார். 133 பேரிடம் கேட்டறிந்தவற்றை 1953-இல் நூலாக்கினார். அவர்கள் கதைகளில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. முதலில், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி: சூதாட்டக் கடன், வெளியே தெரிந்தால் மானம் போகும் வியாபார நஷ்டம். அடுத்து, தன் பொறுப்பில் இருக்கும் பணத்தால் அதை யாருக்கும் தெரியாமல் தீர்க்கலாம் என்ற எண்ணம். மூன்றாவதாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியம்: “நான் திருடவில்லை, கைமாற்றாக எடுக்கிறேன், மாதக் கடைசியில் வைத்துவிடுவேன்.”

இந்த மூன்றாவதுதான் கிரெஸ்ஸியின் முக்கியமான கண்டுபிடிப்பு. இவர்களில் சிலருக்கு நெருக்கடியும் வாய்ப்பும் முன்பே இருந்தன. அப்போது பணத்தைத் தொடவில்லை. அதைத் தொடுவதற்குத் தோதான ஒரு விளக்கம் கிடைத்த பிறகே தொட்டார்கள். ஆகவே அந்த வாக்கியம் பிடிபட்ட பிறகு வழக்கறிஞருக்காகத் தயாரித்த சாக்கு அல்ல. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மனத்தில் தயாராக இருந்த அனுமதி என்றார் அவர். எடுத்த தொகை பெருகி, இனித் திருப்பி வைக்கவே முடியாது என்று கணக்குச் சொல்லும் நாளில்தான் அந்த அனுமதி உடைகிறது. சிலர் அன்றே ஒப்புக்கொண்டார்கள். சிலர், ஆனது ஆகட்டும் என்று மேலும் எடுத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1957-இல், கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்னும் இருவர் இதே பார்வையைச் சிறார் குற்றங்களுக்குக் கொண்டுவந்தார்கள். குற்றம் செய்யும் சிறுவர்கள் சமூகத்துக்கு நேர் எதிரான தனி அறத்தோடு வாழ்கிறார்கள் என்ற கருத்து அன்று செல்வாக்கோடு இருந்தது. அப்படியானால் அவர்களுக்குக் குற்ற உணர்வு ஏன் வருகிறது, நேர்மையானவர்களை ஏன் மதிக்கிறார்கள், யாரிடம் திருடலாம் யாரிடம் கூடாது என்று ஏன் வேறுபாடு பார்க்கிறார்கள் என்று இருவரும் கேட்டார்கள். விதியை அவர்களும் நம்புகிறார்கள். “இந்த ஒரு தடவைக்கு அது பொருந்தாது” என்று அதைச் செயலிழக்கச் செய்கிறார்கள். இதற்கு ‘நடுநிலையாக்கல் உத்திகள்’ என்று பெயரிட்டார்கள்.

ஐந்து உத்திகளைச் சொன்னார்கள். என் கையில் எதுவும் இல்லை, சூழ்நிலை தள்ளியது என்பது பொறுப்பை மறுப்பது. யாருக்கு என்ன நஷ்டம் என்பது பாதிப்பை மறுப்பது. கையாடியவரின் ‘கைமாற்று’ இந்த வகைதான்; திரும்பி வரும் பணத்தால் எவருக்கும் இழப்பில்லை என்று அவர் நம்புகிறார். அவனுக்கு இது வேண்டும் என்று அடிவாங்கியவன் மீதே பழியைத் திருப்புவது மூன்றாவது. மற்றவற்றைவிட இது கொடியது. அடிபட்டவர் கண்முன் நின்றாலும் அவரைப் பாதிக்கப்பட்டவராகக் காணவிடாது. போலீஸ்காரர் மட்டும் யோக்கியரா என்று கண்டிப்பவரைக் கண்டிப்பதும், நண்பர்களுக்காகச் செய்தேன் என்று சட்டத்துக்கு மேலான ஒரு விசுவாசத்தைக் காட்டுவதும் மற்ற இரண்டு.

இந்தக் கோட்பாட்டின் பலவீனமும் கிரெஸ்ஸி நின்ற இடத்திலேயே இருக்கிறது. ஆய்வாளர் கைதியைச் சந்திப்பது குற்றத்துக்குப் பிறகு. அன்று சொல்லும் காரணம் செய்வதற்கு முன்பே மனத்தில் இருந்ததா, சிறையில் உருவானதா என்று அந்த உரையாடலை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் இதற்கு ஒரு விடை தந்தார். முதல் குற்றத்துக்குப் பின் பிறந்த சமாதானமே இரண்டாவது குற்றத்துக்கு முன்பாக இருக்கும் அல்லவா? காசாளர் முதல் முறை பதற்றத்தில் எடுத்திருக்கலாம். எடுத்ததற்கு அன்றிரவு கண்டுபிடித்த காரணம், அடுத்த மாதம் பெட்டியைத் திறக்கும்போது தயாராகக் காத்திருக்கும்.

இந்தக் கோட்பாட்டைப் பின்பற்றிய சில சிறைச் சீர்திருத்தத் திட்டங்கள் கைதியின் ஒவ்வொரு சாக்கையும் உடைப்பதையே இலக்காக வைத்தன. ஷாட் மருனாவின் ஆய்வு இதில் ஒரு சிக்கலைக் காட்டியது. அவர் இங்கிலாந்தின் லிவர்பூலில், குற்றத்தை விட்டவர்களின் வாழ்க்கைக் கதைகளையும் விடாதவர்களின் கதைகளையும் கேட்டு, 2001-இல் வெளியிட்டார். திருந்தியவர்களும் பழைய தவறுகளுக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டினார்கள். உள்ளுக்குள் தாங்கள் நல்லவர்களே என்றார்கள். விடாதவர்கள்தான் தங்கள் விதி எழுதப்பட்டுவிட்டது, இனி மாற வழியில்லை என்று பேசினார்கள். எனவே கைதியோடு பேசுபவர் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முடிந்துபோன செயலுக்குச் சொல்லும் காரணத்தோடு அவர் வாழப் பழகியிருக்கலாம். “அவனுக்கு இது வேண்டும்” என்ற வகைப் பேச்சோ அடுத்து அடிபடப்போகிறவரையும் சேர்த்தே குறிக்கிறது.