ரசீதில் ஒரு ‘மட்டும்’

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் நண்பர் ஒருவர் தன் பில் புக்கைக் காட்டினார். கார்பன் வைத்து எழுதிய பழைய புத்தகம். ஒரே கல்யாணத்துக்கு நான்கு ரசீது போட்டிருந்தார். மூன்றாவது ரசீதில் இருந்த ஒரு சொல் அவருக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் வம்பைக் கொண்டுவந்தது.

பேச்சு இதுதான்: காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து இலைக்கு ரூ.600. 400 இலை. ஆக மொத்தம் ரூ.2,40,000. பெண் வீட்டார் முன்பணமாக ரூ.40,000-ஐ கூகுள் பேயில் அனுப்பினார்கள். அனுப்பியதும் ஸ்கிரீன்ஷாட் வந்தது. நண்பர் அதை நம்பி ரசீது போடமாட்டார். படத்தைத் திருத்துவது சுலபம் என்பதால், தன் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் வாட்ஸ்அப்பில் எழுதினார்:

“வணக்கம் அண்ணா. பாப்பா கல்யாணச் சமையலுக்கு முன்பணம் ரூ.40,000 (நாற்பதாயிரம் மட்டும்) இன்று கூகுள் பே வழியாக எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. மொத்தம் ரூ.2,40,000. இதுவரை வரவு ரூ.40,000. மீதி ரூ.2,00,000. ரொம்ப நன்றி.”

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்தம், வரவு, மீதி மூன்றும் வரிசையாக இருப்பதால் படிப்பவரே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெறுமனே ‘மீதி இவ்வளவு’ என்று எழுதியிருந்தால், எதிலிருந்து கழித்த மீதி என்ற கேள்வி பின்னால் வரும். “மீதியைச் சீக்கிரம் அனுப்பவும்” என்ற வரியையும் அவர் சேர்க்கவில்லை. பணம் கொடுத்தவருக்கு நன்றி சொன்ன கையோடு கடனை நினைவூட்டினால் நன்றி அங்கேயே செத்துவிடும். அதற்குத் தனியாக, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக வந்தது ஒரு லட்சத்துக்குக் காசோலை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். காசோலையை வாங்கிய அன்றே ‘பெற்றுக்கொண்டேன், மீதி ஒரு லட்சம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் வந்ததோ வெறும் தாள். அது திரும்பி வந்தால் மீதி மறுபடியும் இரண்டு லட்சம், கொடுத்த ரசீதோ அவர்கள் கையில். நண்பர் காசோலை எண்ணையும் வங்கியின் பெயரையும் தேதியையும் எழுதி, ‘காசோலை பணமாகும் பட்சத்தில்’ என்று சேர்த்திருந்தார். கணக்கில் பணம் ஏறிய பிறகு மீதித் தொகையைச் சொல்லி இன்னொரு செய்தி அனுப்பினார்.

மூன்றாவது, ரொக்கம் ரூ.50,000. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி தாள் மேலும் விழும்படி போடுவது வழக்கம். அதைச் செய்தார். (ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடம் ரொக்கமாக வாங்குவது மொத்தம் இரண்டு லட்சத்தைத் தொடக்கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். பல தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும்.) பிறகு எழுதினார்: ‘பெற்றது ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும். மீதி ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்.’

முதல் ‘மட்டும்’ காவல்காரன். எழுத்தில் எழுதிய தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் ஒட்டவைக்க முடியாதபடி வாசலை அடைக்கிறது. இரண்டாவது ‘மட்டும்’ கைப்பழக்கத்தில் விழுந்தது. கல்யாணத்தன்று 430 இலை விழுந்தது. முப்பது இலைக்குப் பதினெட்டாயிரம் கூட வர வேண்டும், ஆக மீதி ரூ.68,000. பெண்ணின் சித்தப்பா ரசீதை நீட்டினார். “ஐம்பதாயிரம் மட்டும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?”

அவர் கேட்டதில் தப்பில்லை. இலை எண்ணிக்கை மாறக்கூடிய வேலையில், இறுதிக் கணக்கு முடியும்வரை மீதி என்பது அன்றைய நிலவரம்தான். அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும்: ‘400 இலைக் கணக்குப்படி இன்றைய மீதி ரூ.50,000. கூடுதல் இலைக்கு இலை ஒன்றுக்கு ரூ.600.’ தச்சு வேலைக்கும் அச்சக வேலைக்கும் இதே கதைதான். அளவு கூடினால் பில் கூடும் என்பது ரசீதில் தெரிய வேண்டும்.

கடைசியில் பந்தி பரிமாறியவர்கள் இலையை எண்ணி வைத்திருந்ததால் பத்தாயிரத்துக்குப் படிந்தது. அறுபதாயிரத்தை வாங்கிக்கொண்டு நண்பர் நான்காவது ரசீதைப் போட்டார். ‘முழுக் கணக்கும் தீர்ந்தது, மீதி இல்லை, நன்றி’ என்று எழுதியிருந்தது. அதில் ‘மட்டும்’ ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.