பீச் பழத் தோல்போல ஒரு துணி

கடையில் மைக்ரோஃபைபர் படுக்கை விரிப்பைத் தடவினால் பீச் பழத்தின் தோலைத் தொட்டதுபோல் இருக்கும். அந்த மென்மை, துணியை உப்புத்தாளால் தேய்த்து உண்டாக்கியது.

மைக்ரோஃபைபர் இழை மிக மெல்லியது. 9,000 மீட்டர் நீள இழைகூட ஒரு கிராம் எடை வராது. நெய்த பாலியஸ்டர் துணியை, உப்புத்தாள் சுற்றிய உருளைகள்மேல் இழுத்துப் பிடித்து ஓட்டுவார்கள். மேற்பரப்பு இழைகள் அறுந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டைப் பூமயிராக நிமிரும். இதுதான் பீச் ஃபினிஷ். பிரஷ் செய்த துணியில் உப்புத்தாளுக்குப் பதில் கம்பி முனைகள் இழைகளை வெளியே இழுக்கின்றன. அதனால் மயிர் நீளமாக நிற்கும்.

தேய்ப்பு அளவு மீறினால் துணியின் வலுவே குறையும். உருளையின் அழுத்தம் சீராக இல்லாவிட்டால் அடர்நீல விரிப்பில் வெளிறிய கோடுகள் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அவை தெரிந்துவிடும்.

துவைக்கத் துவைக்க, உரசல் படும் இடங்களில் இழைகள் முறுக்கிக்கொண்டு சிறு உருண்டைகளாகும். பருத்தியில் இவை நாளடைவில் உதிரும். பாலியஸ்டர் வலுவானதால் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதைத் தள்ளிப்போட, விரிப்பை உட்புறம் வெளியே வரும்படி மடித்து, ஜீன்ஸ், துண்டோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில் துவைக்கலாம். கொதிக்கும் சூட்டில் உலர்த்தினால் பூமயிர் படிந்து, பழைய மென்மை திரும்பாது.