இரத்தப் பரிசோதனை, என்.டி. ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை: எது எதைச் சொல்லும்?

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையின் அறிக்கையில் ‘ஹை ரிஸ்க்’ என்ற சொல்லைக் கண்டவுடன், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது உறுதியாகிவிட்டது எனப் பலரும் கருதுகின்றனர். அவ்வாறு கருத வேண்டியதில்லை. அந்த அறிக்கை கூறுவது வாய்ப்பின் அளவை மட்டுமே.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வசிக்கும் 24 வயதுக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 12-ஆம் வாரத்தில் அவருக்கு என்.டி. ஸ்கேன் செய்யப்படுகிறது. இதில் கருவின் பிடரித் தோலுக்கு அடியில் தேங்கியுள்ள நீரின் தடிமன் மில்லிமீட்டரில் அளக்கப்படும். கருவின் நீளம் 45 முதல் 84 மி.மீ. வரை உள்ளபோது, அதாவது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே இவ்வளவீடு பொருள் தரும். தாமதமாகச் சென்றால் இதனைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே மாதவிலக்கு தள்ளிப்போனவுடன் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்கேன் அளவு, தாயின் வயது, ‘டபுள் மார்க்கர்’ எனப்படும் இரத்தப் பரிசோதனையில் காணும் இரு பொருள்களின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, அவருக்கு 1:180 என்ற விடை வருகிறது. இதே விடையைப் பெற்ற 180 கர்ப்பிணிகளில் 179 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இராது என்பதே இதன் பொருள். ஆயினும் பல ஆய்வகங்கள் 1:250-ஐ எல்லையாகக் கொள்வதால் இது ‘ஹை ரிஸ்க்’ ஆகிறது. மறுபுறம், இம்முறை பாதிப்புள்ள கருக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வரை தவறவிடும். ‘லோ ரிஸ்க்’ என்பதும் முழு உறுதியன்று.

அடுத்து அவருக்கு என்.ஐ.பி.டி. என்னும் இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படலாம். தாயின் இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணி, 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களில் ஒன்று மிகுதியாக உள்ளதா என்று இது பார்க்கிறது. 10-ஆம் வாரத்திலிருந்து செய்யலாம். டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 அளவில் கண்டறியும். ஆனால் அத்துணுக்குகள் கருவிலிருந்து நேரடியாக வருவன அல்ல. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவன. நஞ்சுக்கொடியில் மட்டும் குறை இருந்து, குழந்தை இயல்பாக இருப்பதும் உண்டு.

எனவே ‘பாசிட்டிவ்’ என்ற விடையின் எடை தாயின் வயதைப் பொறுத்து மாறுகிறது. 25 வயதையொட்டிய 10,000 கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். பரிசோதனை அவர்களைக் கண்டுபிடிக்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற தவறு விகிதத்தில் மேலும் 10 பேருக்குப் பிழையாகப் ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆக, பாதி விடைகளே மெய். 40 வயதில் அதே 10,000 பேரில் பாதிப்பு ஏறத்தாழ 100 என்பதால், பத்தில் ஒன்பது விடைகள் மெய்யாகும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு ஏற்கெனவே 1:180 என்ற விடை இருப்பதால், அவருக்கு வரும் ‘பாசிட்டிவ்’ பாதிக்கு மேல் மெய்யாக இருக்கும், அப்போதும் உறுதியாகாது. சில நேரங்களில், குறிப்பாக உடல் எடை மிகுந்தோருக்கு, கருவின் துணுக்குகள் போதாமல் ‘விடை இல்லை’ என்று வரும். அதை ‘நெகட்டிவ்’ என எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனையே. 15 வாரம் நிறைந்த பின், ஸ்கேன் திரையைப் பார்த்தவாறே மெல்லிய ஊசியை வயிற்றின் வழியாகச் செலுத்தி 15 முதல் 20 மி.லி. நீர் எடுக்கப்படும். அதிலுள்ள கருவின் செல்களே ஆராயப்படுகின்றன. 21, 18, 13 குறித்த முதல் விடை சில நாள்களிலும், அனைத்துக் குரோமோசோம்களின் முழு விடை இரண்டு, மூன்று வாரங்களிலும் கிடைக்கும். இதனால் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. ஊசி போட்டபின் நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, காய்ச்சல் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் முன்னரே கூறுங்கள். ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

என்.டி. அளவு 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இடையில் என்.ஐ.பி.டி.க்குக் காத்திராமல் நேரடியாகப் பனிக்குட நீர்ப் பரிசோதனை குறித்துப் பேசுவதே என் பரிந்துரை. அத்தகைய கருக்களில் வேறு குரோமோசோம் குறைகளும் இதயக் குறைகளும் இருக்கக்கூடும், என்.ஐ.பி.டி. அவற்றைத் தேடுவதில்லை.

நம் பகுதியில் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் வழக்கத்தில் உள்ளதால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உறவுத் திருமணத்தால் வருவதன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழையால் வருவது. உறவுத் திருமணத்தில் மிகுவது தலசீமியா போன்ற மரபணு நோய்கள். மேற்கண்ட பரிசோதனைகள் வழக்கமான முறையில் அவற்றைக் காட்டா. குடும்பத்தில் அத்தகைய நோய் இருந்தால் தனியே கேளுங்கள்.

2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. அதன் பின், கருவில் கடுமையான குறைபாடு உள்ளதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால் மட்டுமே அனுமதி உண்டு. 16-ஆம் வாரத்தில் நீர் எடுத்தால் முழு விடை 19-ஆம் வாரத்தில்தான் கைக்கு வரும். நாள்களைக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள். கலைப்பதா, குழந்தையைப் பெற்று வளர்ப்பதா என்பது உங்கள் முடிவு, எவரும் வற்புறுத்தலாகாது.

இப்பரிசோதனைகளில் குழந்தை ஆணா பெண்ணா என்பதும் தெரியவரலாம். அதைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊசிப் பரிசோதனைக்கு முன் உங்கள் எழுத்துமூல ஒப்புதல் பெறப்படும். படித்துப் புரிந்தபின் கையொப்பமிடுங்கள்.