கடை ஊழியருக்குச் சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு?



நம் சங்கரன்கோவிலில் புதிதாக ஜவுளிக்கடை வைப்பவர்கள், முதல் இரண்டு மூன்று பேரை வேலைக்குச் சேர்க்கும்போது, "சம்பளத்தைக் குறைத்துக் கமிஷன் கொடுத்தால் நன்றாக விற்பார்களே" என்று யோசிப்பதுண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் சம்பளம். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. கமிஷனைச் சேர்த்து அந்தத் தொகையை எட்டவைப்பதும் சரியல்ல; விற்பனை படுத்த மாதத்தில் ஊழியர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று ஊழியர்களுக்குத் தலா 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 39,000. சாதாரண மாத விற்பனை 4 லட்சம், அதில் லாபம் 20 சதவீதம் என்றால் 80,000. வாடகை, மின்சாரம் 20,000 போனால் முதலாளிக்கு மிஞ்சுவது 21,000. மொத்த விற்பனைக்கும் 2 சதவீதம் கமிஷன் என்றால் அதில் 8,000 போய்விடும். எப்படியும் நடந்திருக்கும் விற்பனைக்கே அந்தப் பணம் போகிறது.

அதற்குப் பதில், 4 லட்சத்துக்கு மேல் விற்பதற்கு மட்டும் 5 சதவீதம் கொடுக்கலாம். விற்பனை 5 லட்சம் ஆனால் கூடுதல் லாபம் 20,000. ஊழியர்களுக்கு 5,000, கடைக்கு 15,000. இதை மூவருக்கும் சமமாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஆள் தனிக் கமிஷன் வைத்தால், வாங்க வருபவரை இழுத்துப் பிடிப்பார்கள். பிரித்துப் போட்ட சேலையை மடித்து வைக்க ஆள் இருக்காது.

தள்ளுபடியையும் கவனியுங்கள். 800 ரூபாய் அடக்கமுள்ள சேலையை 1,000க்குப் பதில் 900க்குக் கொடுத்தால் விற்பனை கொஞ்சமே குறையும், லாபம் பாதியாகிவிடும். எனவே தள்ளுபடி எல்லையை முதலாளியே சொல்லிவிட வேண்டும். கடனுக்கு விற்றதற்குப் பணம் வந்த பிறகே ஊக்கத்தொகை.

அடுத்தது சீசன். ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் கூட்டம் தானாக வரும். அந்த மாதங்களுக்கும் 4 லட்சமே இலக்கு என்றால், உழைப்புக்கு அல்ல, திருவிழாவுக்குப் பணம் கொடுக்கிறோம். அடுத்த மாதம் ஒன்றும் கிடைக்காமல் ஊழியர் சோர்ந்துபோவார். ஆகவே சென்ற ஆண்டு அதே மாத விற்பனையை இலக்காக வையுங்கள். ரமலான் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருவதால், அதை ஆங்கில மாதத்தோடு ஒப்பிடாமல் ரமலானுக்கு ரமலான் பாருங்கள். சீசனில் கூடுதல் நேரம் நின்றால் அதற்குத் தனிக் கூலி.

புதுக் கடைக்குச் சென்ற ஆண்டுக் கணக்கே இருக்காது. முதல் ஆண்டு சம்பளத்தை மட்டும் கொடுத்து, தினசரி விற்பனையை நோட்டில் எழுதி வாருங்கள். இலக்கு அதிலிருந்து பிறக்கும்.

கூலியை முன்பே தெளிவாகப் பேசிக்கொள்வது நம் மார்க்கம் சொல்லும் முறை. இலக்கு, சதவீதம் இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாத நடுவில் மாற்றாதீர்கள். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் கைக்குப் போய்விட வேண்டும்.