பேக்கப் இருக்கிறது, திறக்குமா?

2017 ஜனவரி 31, இரவு நேரம். கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டுவைத்து, சேர்ந்து வேலை பார்க்கும் இணையதளம் கிட்லேப். முதல் சர்வர்தான் தளத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் எழுதப்படுவதையெல்லாம் உடனுக்குடன் நகலெடுத்துக்கொண்டே இருப்பது இரண்டாவதன் வேலை. அன்று ஸ்பேம் தொல்லையால் சுமை கூடி, இரண்டாவது சர்வர் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குப் பின்தங்கிவிட்டது. அதில் இருப்பதைத் துடைத்துவிட்டு மறுபடி முழுசாக நகலெடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. துடைத்தாயிற்று. நகலெடுக்கும் கட்டளையோ ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றது. ஃபோல்டர் இன்னும் சரியாகக் காலியாகவில்லையோ என்று நினைத்த அவர், அதை அழிக்க `rm -rf` என்று தட்டினார். தட்டியது முதல் சர்வரின் திரையில்.

ஓரிரு விநாடிகளில் அவருக்கே புரிந்துவிட்டது. நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி.

இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற எவருக்கும் இது நடக்கும். பேக்கப் என்ற ஏற்பாடே இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். கிட்லேப்பிலும் பேக்கப் இருந்தது. நகலெடுப்பையும் சேர்த்து ஐந்து வழிகள். அந்த ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை, அல்லது ஏற்படுத்தப்படவே இல்லை என்று அவர்களே அன்றிரவு எழுதிப் பொதுவில் வைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் என்ன நடந்தது என்று இன்றைக்கு நம்மால் அணு அணுவாகப் பார்க்க முடிகிறது.

முதலில் அவர்கள் தேடிப்போனது தினமும் ஒருமுறை எடுக்கப்படும் முழு நகலை. `pg_dump` என்ற நிரல் டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக எழுதி, அமேசானின் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடும். அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் காலி. பழைய கோப்பு, பாதிக் கோப்பு என்று எதுவுமே இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில். பேக்கப் எடுக்கும் வேலை ஓடியதோ வேறொரு சர்வரில். எந்தப் பதிப்பு `pg_dump`-ஐப் பயன்படுத்துவது என்பதை, டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு குறிப்பைப் பார்த்து மென்பொருள் தானே முடிவுசெய்துகொள்ளும். வேறு சர்வரில் அந்த ஃபோல்டரே கிடையாது. குறிப்பு இல்லாததால், ஏற்கெனவே நிர்ணயித்திருந்த 9.2-ஐ எடுத்துக்கொண்டது. பழைய `pg_dump` புதிய டேட்டாபேஸைத் தொடாது. பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அது சரியான நடத்தைதான், அரைகுறையாக எடுத்துத் தருவதைவிட மேல். ஆனால் அப்படி நின்றதை யாரிடம் சொன்னது?

சொல்லத்தான் செய்தது. ஒவ்வொரு தடவை தோற்றபோதும் மின்னஞ்சல் கிளம்பியது. போலி மின்னஞ்சல்களைத் தடுக்க நிறுவனங்கள் டிமார்க் என்றொரு காவல் போட்டிருப்பார்கள். அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் முறை. தானியங்கி வேலைகள் அனுப்பிய அஞ்சல்களில் அதற்குத் தேவையான கையொப்பம் இல்லை. பெறுகிற பக்கம் அவற்றைத் திருப்பிவிட்டது. ஆக, பேக்கப்பும் வரவில்லை, வரவில்லை என்ற தகவலும் வரவில்லை. இன்பாக்ஸில் ஒன்றும் இல்லாதபோது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வோம்.

சோதித்துப் பார்க்காத பேக்கப்புகள் இவ்வளவு அதிகமாகக் கைவிடுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். தளம் நின்றுபோனால் ஐந்தாவது நிமிடம் ஆயிரம் பேர் கத்துவார்கள். பேக்கப் நின்றுபோனால் ஒருவர்கூடக் கத்த மாட்டார், ஏனென்றால் அதை அன்றாடம் படிப்பவர் யாரும் இல்லை. எழுதுவது மட்டுமே நடக்கும். எழுதிய நாளில் வந்த பிழை, மாதக்கணக்கில் பிழையாகவே உட்கார்ந்திருக்கும். தோல்வி அறிவிப்பை நம்பி இருப்பதும் பாதி வழிதான். அறிவிப்பு தரும் ஏற்பாடும் அதே மாதிரி சத்தமில்லாமல் நின்றுபோகக்கூடியது.

கிட்லேப்பின் மற்ற வழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் சேவையில் டிஸ்க்கை அப்படியே படம்பிடித்து வைக்கும் வசதி உண்டு. கோப்புச் சர்வர்களுக்கு அதைப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடவில்லை, மற்ற வழிகள் போதும் என்ற நினைப்பில். ஒவ்வொரு வழியும் இன்னொரு வழியை நம்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது சர்வர் இருக்கிறதே என்றால், அதைத்தான் சற்று முன்பு துடைத்தார்கள். துடைக்காவிட்டாலும் அதைப் பேக்கப் என்று சொல்ல மாட்டேன். முதலாவதில் ஒரு வரியை அழித்தால் அதிலும் உடனே அழியும். நம் போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் சேர்ந்து போய்விடுகிறதே, அதே விஷயம்.

கடைசியில் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அழிவு நடப்பதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு, சோதனைத் தளத்தில் வேறொன்றை முயன்று பார்ப்பதற்காக, ஒருவர் டேட்டாபேஸின் படத்தைக் கையால் எடுத்து வைத்திருந்தார். பேக்கப் என்று நினைத்து எடுத்ததே அல்ல. தானாக எடுக்கப்படும் படம் 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான் என்பதால், இவர் எடுத்திராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

ஆனால் அந்தச் சோதனைத் தளம் மலிவான, மெதுவான டிஸ்க்கில் இருந்தது. நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாபிட்தான் நகரும். 300 ஜிபியை அந்த வேகத்தில் வகுத்தால் சுமார் 11 மணி நேரம் வருகிறது. நடைமுறையில் 18 மணி நேரம் இழுத்தது. தளம் பழையபடி எழுந்தது மறுநாள், உலக நேரப்படி மாலை 6.14-க்கு. நிரல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. நடுவில் சேர்ந்த சுமார் 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் வரை போயின.

இப்போது வேறு மாதிரி யோசிப்போம். ஜனவரி தொடக்கத்தில் ஒருவர், ஆபத்து எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், "நேற்றைய பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்திருந்தால்? முதல் படியிலேயே, கோப்பை எடுக்கப் போன இடத்திலேயே, காலி என்று தெரிந்திருக்கும். பதிப்புச் சிக்கலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிமார்க் என்றால் என்னவென்றே தெரியாதவராக இருந்தாலும் போதும். ரெஸ்டோர் சோதனையின் பலம் அதுதான்: எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டி ஊகிக்கத் தேவையில்லை. அத்தனை கண்ணிகளும் ஒழுங்காக இருந்தால்தான் கடைசியில் டேட்டா திறக்கும். கிட்லேப் தன் அறிக்கையில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது. பேக்கப்புக்கு இன்னார் பொறுப்பு என்று யாரும் இல்லை, அதனால் சோதிப்பதும் யார் வேலையாகவும் இல்லை. ரெஸ்டோர் சோதனையைத் தானியங்கியாக்குவது அதன்பின் அவர்கள் போட்ட வேலைப் பட்டியலில் இடம்பெற்றது.

இதெல்லாம் பெரிய கம்பெனி விவகாரம் என்று விட்டுவிட முடியாது. ஒரு கடையின் பில்லிங் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் கடை மூடும்போது பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறார்கள். சோதிப்பது எப்படி?

பென் டிரைவைக் கடைக்கணினியிலேயே செருகிப் பார்ப்பது சோதனை அல்ல. அந்தக் கணினி எரிந்துபோனது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு லேப்டாப், அதில் அதே பில்லிங் மென்பொருள், அதே பதிப்பு. இந்த இடத்திலேயே பல கடைகளில் சோதனை நின்றுவிடும்: லைசென்ஸ் எண் எங்கே, பேக்கப்புக்குப் போட்ட பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டால், இரண்டும் எரிந்துபோன கணினியில்தான் இருக்கும். பிறகு, பேக்கப்பைப் புதிய ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேலேயே ரெஸ்டோர் கொடுத்துவிட்டு, இன்றைய பில்களை இழந்து நிற்பது, சோதனையே விபத்தாகிற வகை.

திறந்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. கடைசி பில் எண்ணைப் பாருங்கள். நேற்று இரவு கடையில் போட்ட கடைசி பில் 4,318 என்றால், இங்கேயும் 4,318 வர வேண்டும். நேற்றைய விற்பனைத் தொகை, ஏதாவது ஒரு பொருளின் இருப்பு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். மார்ச் 31-ஆம் தேதி பில்லோடு நின்றுபோயிருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏப்ரலில் புது நிதியாண்டுக்குப் புதுக் கணக்கு திறந்திருப்பார்கள், பேக்கப் மட்டும் பழைய ஆண்டின் கணக்கையே தினமும் தவறாமல் எடுத்துக்கொண்டிருக்கும். "பேக்கப் வெற்றி" என்ற செய்தியும் தினமும் வரும். அது பொய்யல்ல. இந்த மாதிரிக் கோளாறை ரெஸ்டோர் செய்யாமலே கொஞ்சம் மோப்பம் பிடிக்கலாம். கோப்பின் அளவு வாரக்கணக்கில் ஒரு கேபிகூட மாறவில்லை என்றால் புதிதாக எதுவும் அதில் சேரவில்லை என்று அர்த்தம். பென் டிரைவ் E: என்பதற்குப் பதிலாக F: என்று ஏறியதால் பேக்கப் எங்கும் போகாமலிருப்பதும் உண்டு. அதைக் கோப்பின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுப் படங்கள் என்றால் சோதனை இன்னும் எளிது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, சமீபத்தியது ஒன்று, மிகப் பெரிய வீடியோ ஒன்று, மூன்றையும் திறந்து பாருங்கள். சின்னப் படமாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாதியில் அறுந்த கோப்புக்கும் சின்னப் படம் வரலாம். வீடியோவைக் கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பார்க்க வேண்டும், நகலெடுப்பு நடுவில் அறுந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

மூன்று கோப்பு திறந்ததால் மூவாயிரமும் திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டுமென்றால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை எண்ணை இரண்டு பக்கமும் ஒப்பிடலாம். விண்டோஸில் ஒரு கோப்புக்கு இப்படி:

```
certutil -hashfile kalyanam.mp4 SHA256
```

மூலத்திலும் நகலிலும் ஒரே எண் வந்தால் நகல் அச்சு அசல். அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரியும். மூலமே முன்பே கெட்டுப்போயிருந்தால், கெட்டதை அச்சு அசலாக எடுத்திருக்கிறீர்கள். அதனால் எண் பொருந்தினாலும் சிலவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், பழைய தேதி நகல் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், நாள் கணக்கைவிட மாற்றத்தின் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். கிட்லேப்பைக் கவிழ்த்தது பதிப்புகள் பொருந்தாமல் போனது. கடைக்காரரைக் கவிழ்ப்பது ஏப்ரல் மாதம். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், கணினி மாற்றிய மறுநாள், பாஸ்வேர்ட் மாற்றிய மறுநாள், புதுக் கணக்கு திறந்த மறுநாள் ஒருமுறை ரெஸ்டோர் செய்து பார்க்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அப்போது கடிகாரத்தையும் பார்த்து, தொடங்கியதிலிருந்து கடைசி பில் எண் திரையில் வரும்வரை எத்தனை மணி நேரம் ஆனது என்று பென் டிரைவ் உறையின் மேலேயே எழுதி வைக்கலாம். கணினி படுத்த நாளில் "எப்போது பில் போட முடியும்?" என்று முதலாளி கேட்கும்போது, அந்த எண்தான் பதில்.