போட்ட ரீல்ஸ் திரும்ப வரும், போடாத ரீல்ஸ் வராது

இன்ஸ்டாகிராம் செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடியும் இறக்கி, அதே கணக்கில் உள்ளே போனால், ஐந்து வருடத்துக்கு முன்பு போட்ட படம்கூட இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு வந்த லைக், கமெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். நேற்று ராத்திரி பாதி வேலையை முடித்து, ‘Save draft’ கொடுத்து வைத்த ரீல்ஸ் மட்டும் இருக்காது. வீடியோ எடுத்துப் போடுகிற பலரும் ஒரு தடவையாவது இதில் அடிபட்டிருப்பார்கள். கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுவனத்துக்குப் புகார் எழுதிக் காத்திருப்பவர்களும் உண்டு. இது கோளாறு இல்லை. செயலி கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டால் இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிற ஒரு பெண், தீபாவளி ஆர்டருக்காக அதிரசம் சுடுவதை ரீல்ஸாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாகு பதம் பார்ப்பது, மாவு கிளறுவது, எண்ணெயில் போடுவது என்று ஆறு துண்டுகள். எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமின் கேமராவிலேயே எடுக்கிறார். எழுத்து சேர்க்கிறார், குரல் பதிகிறார். விலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிராஃப்டாக வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. அண்ணன் மகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அத்தை, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்” என்கிறான். சொன்னபடியே செயலி சரியாகிவிடுகிறது. ஆனால் டிராஃப்ட் பகுதி காலியாக இருக்கிறது. “என்னடா, வீடியோவையே காணோம்?” என்று கேட்டால், அவனுக்கும் பதில் தெரியவில்லை.

என்ன நடந்தது? ‘Share’ பொத்தானை அழுத்திய எந்தப் பதிவும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகிறது. நம் போன் அதைத் திறந்து காட்டுகிற ஜன்னல் மட்டும்தான். டிராஃப்ட் சர்வருக்குப் போகவே இல்லை. இன்ஸ்டாகிராம் அதை அந்தப் போனில், தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் வைத்திருந்தது. அதனால்தான் போனில் வைத்த டிராஃப்ட், அதே கணக்கில் டேப்லெட்டைத் திறந்தாலும் தெரிவதில்லை. கணக்கு ஒன்றாக இருந்தாலும் கருவி வேறு.

ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. அந்த அறைக்குள் வேறு செயலி நுழைய முடியாது. போனின் சொந்தக்காரரான நாமும் சாதாரணமாக எட்டிப் பார்க்க முடியாது. ஒரு செயலியின் தரவை இன்னொன்று திருடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஐபோனிலும் இப்படித்தான். செயலியை நீக்கும்போது ஆண்ட்ராய்டு அந்த அறையை முழுசாகத் துடைத்துவிடும். ஐபோனில் ‘Delete App’ கொடுத்தாலும் அதேதான். அறையில் இருந்த டிராஃப்ட் அதோடு போய்விடும்.

அந்தப் பெண்ணின் நஷ்டம் இதைவிடப் பெரியது. கேலரியில் இருந்த வீடியோக்களை எடுத்து ரீல்ஸ் செய்திருந்தால், வெட்டி ஒட்டிய உழைப்புதான் போயிருக்கும். மூல வீடியோக்கள் கேலரியில் மிஞ்சியிருக்கும். அவர் படம்பிடித்தது செயலியின் கேமராவில். அப்படி எடுத்த துண்டுகளை நாமாகச் சேமித்தால் ஒழிய அவை கேலரிக்கு வராது. செயலியின் அறைக்குள்ளேயே கிடக்கும். ஆகவே எடிட்டிங்கோடு சேர்ந்து மூலமும் போய்விட்டது. அதிரசத்தை மறுபடியும் சுட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டிராஃப்டையும் சர்வரில் வைத்துத் தொலைத்தால்தான் என்ன என்று கேட்கத் தோன்றும். முதல் காரணம் அளவு. ஐபோனில் 1080பி தரத்தில், நொடிக்கு 30 சட்டம் என்று ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 60 எம்.பி. ஆகும் என்று கேமரா அமைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. கடைசியில் 30 நொடி ரீல்ஸ் போடுகிறவர் ஐந்து நிமிடத்துக்குப் படம் எடுத்திருப்பார். பல டிராஃப்டுகள் கடைசிவரை போடப்படுவதே இல்லை என்கிற நிலையில், அத்தனையையும் மேலே ஏற்றினால் நம் டேட்டாவும் தீரும், அவர்கள் இடமும் நிறையும்.

இரண்டாவது காரணம், டிராஃப்ட் என்பது முடிந்த வீடியோ இல்லை. எந்தத் துண்டு எந்த நொடியில் தொடங்குகிறது, எழுத்து எங்கே வருகிறது, எந்தப் பாட்டு ஓடுகிறது என்ற குறிப்புகளும், அவை சுட்டுகிற வீடியோத் துண்டுகளும் சேர்ந்ததுதான் அது. ‘Share’ கொடுக்கும்போதுதான் எல்லாம் ஒன்றாகி ஒரே வீடியோவாகிறது. குறிப்புகளை மட்டும் இன்னொரு போனுக்கு அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. துண்டுகளும் கூடவே வர வேண்டும்.

“எனக்கு கூகுள் பேக்கப் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது” என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். ஆண்ட்ராய்டு 6.0 முதல் செயலிகளின் தரவைத் தானாக கூகுள் கணக்கில் எடுத்துவைக்கும் வசதி இருப்பது உண்மை. ஆனால் அதில் ஒரு செயலிக்கு 25 எம்.பி.தான் இடம். மேலே சொன்ன கணக்குப்படி, அரை நிமிட வீடியோவுக்கே அது போதாது. தவிர, தன் தரவை எடுக்க வேண்டாம் என்று செயலியைச் செய்தவர்களே அந்த வசதியை அடைத்துவைக்கவும் முடியும். ஐகிளவுட் பேக்கப்பை எடுத்துக்கொண்டால், அது போன் முழுவதையும் மீட்கும்போது பயன்படுவது. ஒரே ஒரு செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் அதன் பழைய தரவை அங்கிருந்து கொண்டுவந்து தராது.

எல்லாச் செயலிகளும் இப்படி இல்லை என்பதால்தான் குழப்பம் வருகிறது. ஜிமெயிலில் பாதி எழுதிய கடிதம், நாம் ஒன்றும் செய்யாமலே சில நொடிக்கு ஒரு தடவை சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. போனில் தொடங்கியதை அலுவலகக் கம்ப்யூட்டரில் முடிக்கலாம். செயலியை நீக்கினாலும் கடிதம் போகாது. டெலிகிராமும் 2016 முதல் இப்படித்தான். தட்டெழுதி அனுப்பாமல் விட்ட செய்தி, அதே கணக்கு உள்ள மற்றக் கருவிகளிலும் தெரியும். இரண்டுமே எழுத்து; சில கே.பி.தான் என்பதால் சுலபமாக அனுப்பிவிட முடிகிறது. ஆனால் எழுத்தாக இருந்தாலே மேலே போய்விடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் போனில் பாதியில் விட்ட செய்தி, கம்ப்யூட்டரில் திறந்த வாட்ஸ்அப் வெப்பில் தெரிவதில்லை. யூடியூபிலேயே இரண்டு விதம் உண்டு. கம்ப்யூட்டரில் ஸ்டுடியோ வழியாக ஏற்றி, வெளியிடாமல் வைத்த வீடியோ சர்வரில் இருக்கும். போனில் எடுத்து டிராஃப்டாக வைத்த ஷார்ட்ஸ் அந்தப் போனில்தான் இருக்கும்.

சர்வருக்குப் போகிற செயலியிலும் ஒரு இடுக்கு இருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் எழுதியது, நெட் வரும்வரை போனில்தான் காத்திருக்கும். பஸ்ஸில் சிக்னல் இல்லாதபோது ஜிமெயிலில் எழுதிவிட்டு, அது மேலே போகும் முன்பே செயலியை நீக்கினால் அதுவும் போய்விடும்.

உங்கள் செயலி எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஒரு சின்ன டிராஃப்டைச் சேமியுங்கள். நெட் ஓடிக்கொண்டிருக்க, சில நிமிடம் விடுங்கள். பிறகு வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே கணக்கில் போய்ப் பாருங்கள். அங்கே தெரிந்தால் அது சர்வரில் இருக்கிறது. தெரியாவிட்டால் போனில் மட்டும்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி தகராறு செய்தால் நீக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் ‘Force stop’ கொடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு போனை அணைத்துப் போடுங்கள். பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். அப்டேட் செய்வது டிராஃப்டைத் தொடாது. ஆண்ட்ராய்டு அமைப்பில் செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘Clear cache’, ‘Clear data’ என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சில போன்களில் இரண்டாவதற்கு ‘Clear storage’ என்று பெயர். முதலாவது, திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளைத்தான் துடைக்கும். இரண்டாவது, செயலியை நீக்குவதற்குச் சமம். அவசரத்தில் கை மாறிவிடும். படித்துப் பார்த்து அழுத்துங்கள்.

இடம் போதவில்லை என்பதற்காக நீக்குகிறீர்கள் என்றால் வேறு வழி இருக்கிறது. ஐபோனில் ‘Offload App’ கொடுத்தால் செயலி மட்டும் போகும், அதன் தரவு தங்கும். திரும்ப இறக்கினால் டிராஃப்டும் இருக்கும். ஆண்ட்ராய்டிலும் இதேபோல ‘Archive’ வசதி வந்திருக்கிறது.

நீக்கியே ஆக வேண்டும், அல்லது போனையே மாற்றப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு டிராஃப்டையும் திறந்து, எடிட்டிங் திரையில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி கேலரியில் சேமித்துவிடுங்கள். செயலியின் நூலகத்திலிருந்து எடுத்த பாட்டு அதில் சேராமல் போகலாம். பாட்டின் பெயரைக் குறித்துக்கொண்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம். நீளமான கேப்ஷனைக் குறிப்புச் செயலியில் நகல் எடுத்துவையுங்கள்.

ஏற்கெனவே போய்விட்டது என்றால், கேலரியின் குப்பைத் தொட்டியை ஒரு தடவை பாருங்கள். மூல வீடியோ கேலரியில் இருந்து, இடத்துக்காக அழித்திருந்தால், ஐபோனில் 30 நாள் வரை அங்கே கிடக்கும். செயலியின் அறைக்குள் இருந்தது அங்கே வராது. அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற செயலிகளும் அந்த அறைக்குள் நுழைய முடியாது. அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம்; போனில் உள்ள எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

இனி ரீல்ஸ் எடுக்கும்போது போனின் சொந்தக் கேமராவில் எடுத்து, பிறகு செயலிக்குள் கொண்டுபோங்கள். டிராஃப்ட் போனாலும் அரை மணி நேர எடிட்டிங்தான் போகும். எடுத்த காட்சி உங்கள் கையில் இருக்கும்.